சீட் மாற்றினால் சலிப்பு போகுமா?

கேள்வி: "கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். பார்க்கிறேன். அக்கவுண்ட்ஸில் பில் பாசிங் செக்ஷனில் ஆறு பேர். எல்லாருமே 15 வருஷத்துக்கு மேல் ஒரே சீட். சலித்துப்போயிருக்கிறார்களே என்று போன வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட் மாற்ற ஆரம்பித்தோம். தப்பு கூடிவிட்டது, யார் முகத்திலும் களையில்லை. அசெம்பிளி லைனிலும் இதையே செய்யச் சொல்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?"

அக்கவுண்ட்ஸில் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அசெம்பிளியில் செய்யலாம், ஆனால் அதன் காரணமும் வேறு, முறையும் வேறு. ஆலைகளிலும் இன்ஜினியரிங் கம்பெனிகளிலும் பல வருடம் பணியாளர் துறையில் இருந்தவன் நான். சீட் மாற்றம் நீங்கள் சொல்கிற மாதிரியே முடிந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆட்களிடம் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டுகளை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் சீட் ஒன்றின் முழுச் சுற்று ஒரு வருடம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. பொருத்திப் பார்க்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை டி.டி.எஸ். ரிட்டர்ன், மார்ச்சில் வராத பில்லுக்கெல்லாம் புரொவிஷன், பிறகு ஆடிட், சப்ளையர்களிடம் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்குவது. மூன்று மாதத்தில் ஒருவர் இந்தச் சுற்றின் கால்வாசியைத்தான் பார்க்கிறார். கை பழகும்போது அடுத்த சீட் வந்துவிடுகிறது. தப்பு கூடியதில் ஆச்சரியமே இல்லை. அதோடு, பதினைந்து வருடம் ஒரே சீட்டில் இருந்தவரிடம் மிச்சமிருக்கும் ஒரே பெருமை அவருடைய பரிச்சயம். எந்த சப்ளையர் லாரி வாடகையைத் தனி பில்லாகப் போடுவார், யார் பில் நம்பரில் வருடத்தை மாற்றி எழுதுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சீட் மாற்றம் அந்தப் பெருமையைப் பறித்துக்கொண்டு, அதே அளவு சலிப்பான இன்னொரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் சீட் மாற்றம் என்றாலே "என்னமோ சந்தேகப்படுறாங்க" என்றுதான் முதலில் தோன்றும். வங்கிகளில் முக்கியமான சீட்டில் இருப்பவர்களை அவ்வப்போது மாற்றுவதும், கட்டாய விடுப்பில் அனுப்புவதும் மோசடியைக் கண்டுபிடிக்கத்தான். ரிசர்வ் வங்கி சொல்லியே அவர்கள் அதைச் செய்கிறார்கள். அந்த நோக்கத்துக்கு அது சரியான முறை. ஆனால் அது கண்காணிப்புக்கான கருவி. சலிப்புக்கு மருந்து என்று சொல்லி அதையே கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவர் நம்பமாட்டார்.

அடுத்தபடி, இது சலிப்புதானா அல்லது மனக்குறையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் பொறியாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரிடம் கேட்ட கேள்வியை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். வேலை ரொம்ப நன்றாக இருந்தது என்று தோன்றிய ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், என்ன நடந்தது? அதே போல் ரொம்ப மோசமாகத் தோன்றிய ஒரு சமயம்? ஆறு பேரிடமும் தனித்தனியாக, அவசரமில்லாமல் கேளுங்கள். பதில்கள் சம்பள முடக்கம், கிடைக்காத பிரமோஷன், இளம் மேனேஜர் பேசிய ஒரு சொல் என்றே போனால் அதை முதலில் தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்காமல், பொறுப்பையும் அதிகாரத்தையும் கூட்டி வேலையைச் செறிவாக்கினால், சம்பளம் தராமல் வேலையை ஏற்றுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்வதில் நியாயமும் இருக்கும். "ஒருதரம் ஒரே சரக்குக்கு ரெண்டு பில் வந்ததை நான்தான் புடிச்சேன்" என்ற மாதிரி பதில் வந்தால், அங்கே மேற்கொண்டு செய்ய இடம் இருக்கிறது.

என்ன செய்வது என்பதற்கு இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் உதாரணம் ஒரு கிளார்க் வேலைதான். 1960-களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யில் பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவு ஒன்று இருந்தது. எழுதுகிறவர்கள் நன்கு தேர்வு செய்து பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். இருந்தும் மனநிலையும் வேலையின் தரமும் சரியில்லை. கடிதத்தை எழுதுவது ஒருவர், ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதும் கையெழுத்துப் போடுவதும் மேற்பார்வையாளர். அங்கே யாரையும் சீட் மாற்றவில்லை. எழுதியவரே தன் பெயரில் கையெழுத்திட்டார். அனுபவசாலிகளின் கடிதங்களைச் சரிபார்ப்பது நூற்றுக்கு நூறிலிருந்து நூற்றுக்குப் பத்தாகக் குறைந்தது, அதுவும் அவரவர் மேசையிலேயே நடந்தது. கடிதங்கள் மேற்பார்வையாளர் மேசைக்குப் போகாமல் நேராகத் தபாலுக்குப் போயின. ஒவ்வொரு குழுவிலும் இன்ன விஷயத்துக்கு இன்னார் என்று ஒருவரை வைத்து, சந்தேகம் வந்தால் மேலே போவதற்கு முன் அவரைக் கேட்கச் சொன்னார்கள். இவை எல்லாம் ஒரே நாளில் வரவில்லை. முதல் இரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார்கள்.

ஆரம்ப மாதங்களில் வேலையின் தரம் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. பிறகுதான் ஏறி, மாற்றம் செய்யாத குழுக்களைத் தாண்டிப் போனது. இந்த இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிர்வாகங்கள் சரியாக இந்த இடத்தில்தான் பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடுகின்றன. அதே சமயம் இந்த உதாரணத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கணக்கெடுத்தது ஆறு மாதம். அந்த ஆட்கள் உங்கள் ஆட்களைப் போல ஒரே நாற்காலியில் 15 வருடம் கழித்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வேலையை இப்படி மாற்றி அமைப்பது வேலைத் திருப்தியோடு வலுவாகச் சேர்ந்து வருகிறது. உற்பத்தி அளவோடு அவ்வளவு வலுவாகச் சேர்ந்து வரவில்லை. அதனால் நிர்வாகத்திடம் "இத்தனை பில் கூடுதலாகப் பாஸ் ஆகும்" என்று வாக்குக் கொடுத்து அனுமதி வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் செக்ஷனுக்கு வருவோம். உங்கள் பில்களின் பின்பக்கம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்கும் என்று நினைக்கிறேன். பெற்றவர், சரிபார்த்தவர், பதிந்தவர், அனுமதித்தவர் என்று கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இனிஷியல். தப்பு வந்தால் யாருடையது என்றே தெரியாத ஏற்பாடு இது. ஒருவர் இன்வார்டு போடுகிறார், ஒருவர் பர்சேஸ் ஆர்டரையும், சரக்கு வந்து சேர்ந்தது என்று ஸ்டோர்ஸ் கொடுத்த ஜி.ஆர்.என்.னையும் பில்லோடு ஒத்துப் பார்க்கிறார், ஒருவர் வரி பார்க்கிறார், ஒருவர் கம்ப்யூட்டரில் பதிகிறார். சப்ளையர் போன் செய்து "என் பில் என்னாச்சு?" என்று கேட்டால் ஆறு பேரில் எவராலும் முழுப் பதில் சொல்ல முடியாது.

இதைப் படி வாரியாகப் பிரிப்பதை விட்டு சப்ளையர் வாரியாகப் பிரியுங்கள். பம்ப் கம்பெனி என்றால் வார்ப்படம் தருகிறவர்கள், செம்புக் கம்பியும் ஸ்டாம்பிங்கும் தருகிறவர்கள், பேரிங்கும் சீலும் மாதிரி வாங்கும் பொருட்கள், ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், லாரி மற்றும் சேவைகள், மராமத்தும் மற்றவையும் என்று ஆறு பிரிவு தானாக அமையும். ஒரு பிரிவின் பில் உள்ளே வருவதிலிருந்து பாஸ் ஆவது வரை ஒருவருடையது. ஸ்டாம்பில் அவர் பெயர் மட்டும். அந்த சப்ளையர்களின் போன் நேராக அவர் மேசைக்கு வரும். டெபிட் நோட் போட வேண்டியிருந்தால் அவர் கையெழுத்தில் போகும். சின்ன விலை வித்தியாசம், வாடகை வித்தியாசம் ஆகியவற்றை ஒரு வரம்பு வரை அவரே முடிவு செய்வார், மேலே கேட்க வேண்டியதில்லை. சிறு, குறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போய்விட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதியைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. மாத முடிவில் தன் பிரிவில் எத்தனை பில் தேதி தாண்டியது என்பதை யாரும் சொல்லாமலே அவர் பார்க்க முடிய வேண்டும்.

பிரிக்கும்போது பில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரித்தால் சண்டை வரும். ஜாப் ஒர்க் பில் ஒன்றில் கொடுத்த பொருள், திரும்பி வந்தது, கழிவு எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் லாரி பில் பல முடிந்துவிடும். போன மூன்று மாத பில்களை வைத்துக்கொண்டு, நேரக் கணக்கை அந்த ஆறு பேரையே போடச் சொல்லுங்கள். உங்களைவிட அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இங்கே தாண்டக் கூடாத ஒரு கோடு இருக்கிறது. புத்தகங்கள் "முழு வேலையையும் கொடு" என்று சொல்வதை அப்படியே அக்கவுண்ட்ஸில் செய்தால் திருட்டுக்கு வழி திறந்துவிடும். பில் பாஸ் செய்கிறவர் புதிய சப்ளையரைக் கணக்கில் சேர்க்கவோ, சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றவோ, பணத்தை அனுப்பவோ கூடாது. சரக்கு வந்தது என்ற ஜி.ஆர்.என். ஸ்டோர்ஸிலிருந்து மட்டுமே வர வேண்டும். இந்த நான்கையும் தனித்தனிக் கையில் வைத்துவிட்டு, மீதியை முழுதாகக் கொடுங்கள். இதை ஆட்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அனுபவமுள்ள கிளார்க் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். நாளைக்குப் பழி தன் மேல் விழாமல் காப்பாற்றுவதும் அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

சூப்பரண்டண்ட் சரிபார்ப்பதையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதல் மாதம் எல்லா பில்லையும் பார்க்கட்டும், ஆனால் தப்பை அவர் திருத்தக் கூடாது. போட்டவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தச் சிறிய மாற்றமே பாதி வேலையைச் செய்துவிடும். பிறகு பாதி பில், அதற்கப்புறம் பத்துக்கு ஒன்று. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பில்லும் புது சப்ளையர் பில்லும் எப்போதும் முழுதாகப் பார்க்கப்படும். அந்தத் தொகையை எங்கே வைப்பது என்றால், போன வருட பில்களைத் தொகை வாரியாக அடுக்கிப் பாருங்கள். மேலேயுள்ள கொஞ்சம் பில்களிலேயே பெரும்பாலான பணம் அடங்கிவிடும், கோட்டை அங்கே போடுங்கள். யாராவது ஒருவரின் மாதிரி பில்களில் தப்பு திரும்பத் திரும்ப வந்தால், அவருக்கு மட்டும் ஒரு மாதம் சரிபார்ப்பைக் கூட்டுங்கள். அதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இது நடக்காமல் போனதற்கு ஒரு தாள்தான் காரணம். மேனேஜர் கூட்டம் போட்டு "இனி பத்துக்கு ஒன்றுதான் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று எழுதியிருந்த பழைய உத்தரவு மாறவில்லை. ஆடிட்டர் அதை வைத்துத்தானே கேட்பார்? அதனால் சூப்பரண்டண்ட் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பில்லிலும் இனிஷியல் போட்டுக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் கிளார்க்குகள் பழையபடி அலட்சியமாகிவிட்டார்கள். உத்தரவை எழுத்தில் மாற்றி, ஆடிட்டரிடமும் சொன்ன பிறகுதான் அங்கே யாரும் நம்பினார்கள். உங்கள் இடத்திலும் முதலில் அந்தத் தாளை மாற்றுங்கள்.

சூப்பரண்டண்டைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நாள் முழுக்கச் சரிபார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வேலை போனால் பயம் வரும், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவருக்கு உண்மையான வேலை கொடுங்கள். நீண்ட நாள் தேங்கிக் கிடக்கும் சப்ளையர் தகராறுகள், ஸ்டோர்ஸிலிருந்து ஜி.ஆர்.என். தாமதமாக வரும் பிரச்சினை, புதிய வரி விதிகளை எல்லாருக்கும் விளக்குவது ஆகியவை எல்லாம் இன்று யாருமே பார்க்காத வேலைகள். ஒரு கிளார்க் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து "இதைப் பாஸ் பண்ணலாமா சார்?" என்று நின்றால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க அவரைப் பழக்குங்கள்.

ஆறு பேரும் இதை விரும்புவார்கள் என்று நினைக்காதீர்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர், வீட்டில் பெரிய பாரம் சுமப்பவர், தலைவலி இல்லாத வேலையாக இருந்தால் போதும் என்பவர் எல்லாரும் இருப்பார்கள். அது குறையல்ல. தனக்குப் பொறுப்பு கூட வேண்டும் என்ற ஆசை ஆளுக்கு ஆள் மாறும் என்பதை இந்த வேலை வடிவமைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஹாக்மனும் ஓல்ட்ஹாமும் 1970-களிலேயே சேர்த்துத்தான் சொன்னார்கள். முதலில் இரண்டு பேர் தானாக முன்வரட்டும், இரண்டு பிரிவை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சம்பளக் கேள்வியும் வரும். முடிவெடுக்கும் அதிகாரம் கூடினால் ஒரு சிறு அலவன்ஸாவது கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. இன்றைய சீட்டில் யாருக்காவது தனி அலவன்ஸ் இருந்தால் மாற்றத்தில் அது போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம், படி, வழக்கமாக இருந்த சலுகை, ஷிப்ட் முறை ஆகியவற்றைத் தொடும் மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டிவரலாம். யூனியன் இருந்தால் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அப்படியானால் சுழற்சிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. பிரிவுகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒருவர் லீவில் இருந்தால் மற்றவர் பார்க்கும்படி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஆடிட் முடிந்த பிறகு, பிரிவுகளை ஜோடிக்குள் மாற்றிக்கொள்ளட்டும். ஒரே சப்ளையரோடு ஒருவர் பல வருடம் பழகுவதில் உள்ள ஆபத்து இதில் குறையும், ஒரு முழுச் சுற்றைப் பார்த்த திருப்தியும் அவருக்குக் கிடைக்கும். இதன் நோக்கம் கண்காணிப்பும்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அசெம்பிளிக்கு வந்தால், அங்கே சுழற்சி முதலில் உடம்புக்காக. வருடக் கணக்காக ஒரே அசைவைச் செய்யும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் ஓய்வு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் அந்த ஓய்வு கிடைக்காது. ஒரே ஷிப்டுக்குள், டீ இடைவேளையை ஒட்டி, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். எதிலிருந்து எதற்கு என்பதுதான் முக்கியம். ஸ்டேட்டரில் காயில் ஏற்றுவதற்கும் ஸ்க்ரூ முடுக்குவதற்கும் உழைப்பது அதே விரல்களும் மணிக்கட்டும்தான். அவற்றுக்குள் மாற்றினால் கையைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. காயில் ஏற்றுகிறவரைக் கொஞ்ச நேரம் டெஸ்டிங்குக்கோ லேபிள் ஒட்டும் இடத்துக்கோ அனுப்பினால் மாற்றம் உண்டு. வைண்டிங் கைத்திறன் சார்ந்த வேலை. அதில் தேர்ந்தவர்களை நாள் முழுக்க அங்கிருந்து விலக்கிவைக்காதீர்கள்.

செறிவாக்குவதும் லைனில் முடியும். பம்பைப் பூட்டியவரே மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கட்டும், சுமையில்லாமல் ஓட்டி எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்க்கட்டும். டெஸ்ட்டில் தோற்ற பம்ப் தனி ரிப்பேர் மேசைக்குப் போகாமல் அவரிடமே திரும்பட்டும், ஏன் தோற்றது என்பதை அவரே பிரித்துப் பார்க்கட்டும். கடைசிப் பரிசோதனை மட்டும் குவாலிட்டி துறையிடமே இருக்க வேண்டும். ஸ்வீடனில் வோல்வோ நிறுவனம் உட்டெவல்லாவில் சிறு குழுக்களே முழுக் காரையும் பூட்டும் ஆலையை 1989-இல் திறந்து 1993-இல் மூடிவிட்டது. மூடியதற்கு அந்த முறை காரணமா, கார் விற்பனைச் சரிவு காரணமா என்று அப்போதே பெரிய வாதம் நடந்தது. அந்த அளவுக்கு உங்கள் லைனை உடைக்கச் சொல்லமாட்டேன். டெஸ்டிங்கைப் பூட்டுகிறவர் கையில் கொடுப்பதே முதல் படிக்குப் போதும்.

எதை வைத்து முடிவு செய்வது என்றும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு மாதக் கணக்கை எடுத்து வையுங்கள். நூறு பில்லுக்கு எத்தனை திரும்பியது, 30 நாள் தாண்டித் தேங்கியது எத்தனை, சப்ளையர் போன் எத்தனை வந்தது, சொல்லாமல் எடுத்த லீவு எத்தனை. லைனில், டெஸ்ட்டில் தோற்றவை எத்தனை. முதல் மூன்று மாதம் இந்த எண்களை எழுதி மட்டும் வையுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆரம்பிக்கவே வேண்டாம், வருட முடிவு நெரிசலில் எதுவும் தெரியாது. ஜூலையில் இரண்டு பிரிவோடு ஆரம்பித்தால் டிசம்பரில் மற்ற நான்கையும் பிரிக்கலாமா என்று சொல்லும் அளவுக்குக் கணக்கு கையில் இருக்கும்.